விடுதி விதிகளை மிரட்டல் இல்லாமல் திருத்தி எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரிப் பெண்கள் விடுதி ஒன்றில் ஐந்து வருடம் டெபுடி வார்டனாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஊரிலிருந்து திரும்பி வரவில்லை. வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அவள் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 7.40. எங்கள் கேட் மூடும் நேரம் 6.30. "தாமதமாக வருபவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்படுவர்" என்று விதிப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வரிக்குப் பயந்து, தோழியின் தோழி ஒருத்தி வீட்டில், அதுவரை போயே இராத வீட்டில், இரவு தங்கிவிட்டுக் காலையில் வந்தாள். அட்டெண்டன்ஸ் எடுத்தபோது ரூம்மேட் அவளுக்காகக் குரல் கொடுத்துவிட்டாள். அந்த இரவு அவள் எங்கே இருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் வரவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது.

கேட் நேரம் எதற்காக வைத்தோம்? யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். அதைத்தான் எங்கள் மிரட்டல் வரி எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. அதற்கடுத்த கோடை விடுமுறையில் உட்கார்ந்து மொத்த விதிகளையும் திருத்தி எழுதினோம். நாங்கள் செய்த முறையை, சறுக்கிய இடங்களையும் சேர்த்து, இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஆண்கள் விடுதிக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் வேலை: எல்லா விதிகளையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவருவது

அச்சடித்த புத்தகத்தில் இருப்பவை மட்டும் விதிகள் என்று நினைத்தால் பாதி வேலை விட்டுப்போகும். விதிகள் ஐந்து இடங்களில் கிடக்கும். சேர்க்கை விண்ணப்பத்தின் பின்பக்கம் பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழி, விதிப் புத்தகம், நோட்டீஸ் போர்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கும் சுற்றறிக்கைகள், வாட்ஸ்அப் குழுவில் வார்டன் அவசரத்துக்குப் போட்ட செய்திகள், அப்புறம் வாட்ச்மேனும் மெஸ் ஊழியர்களும் வாய்மொழியாகச் சொல்லிவருபவை. கடைசி வகையை அவர்களிடம் போய்க் கேட்டுத்தான் எழுத முடியும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன், "நைட்டி போட்டுக்கிட்டு கேட்டுக்கு வந்தா பார்சல் குடுக்கக் கூடாதுன்னு முன்னாடி இருந்த மேடம் சொன்னாங்க" என்றார். அந்த மேடம் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது.

இப்படிச் சேர்க்கும்போது ஒரே விஷயத்துக்கு இரண்டு விதிகள் இருப்பது தெரியவரும். எங்கள் புத்தகத்தில் விருந்தினர் நேரம் மாலை 5 மணி வரை, போர்டில் 6 மணி வரை. இரண்டில் எது சரி என்று அந்த நேரத்தில் கேட்டில் நிற்பவர் முடிவு செய்துகொண்டிருந்தார். முரண்படும் விதிகளை எல்லாம் தனித்தாளில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு விதியிடமும் ஒரே கேள்வி

"இந்த விதி இல்லாவிட்டால் என்ன கெடும்?" இதற்குக் குறிப்பாகப் பதில் சொல்ல வேண்டும். "ஒழுங்கு கெடும்" என்பது பதில் ஆகாது. "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்லும் ஆகாது. எதிலிருந்து பாதுகாப்பு, யாருக்கு, எந்த நேரத்தில் என்று சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை வார்டன் தனியாகக் கேட்டுக்கொண்டால் எல்லா விதிக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் குழுவாக உட்காருங்கள். நாங்கள் வார்டன், நான், மெஸ் பொறுப்பாளர், வாட்ச்மேன், ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் ஒரு மாணவி என்று உட்கார்ந்தோம். மாணவிகள் முதல் நாள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் வார்டன் வராமல் நான் மட்டும் இருந்தபோதுதான் பேச்சு வந்தது.

கேள்விக்குப் பிறகு விதிகள் மூன்று கட்டாகப் பிரியும். பதில் இருப்பவை, பதில் இல்லாதவை, சட்டம் சொல்வதால் நம் கையில் இல்லாதவை. பதில் இல்லாதவற்றை அடித்துவிட வேண்டும். நைட்டி விதி அங்கேதான் போனது. ஆனால் இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பிடித்த விதியை விட மனமில்லாமல், அதற்கு அப்போது ஒரு காரணத்தை உண்டாக்குவோம். படிக்கும் பெண் ஒரு வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். காரணம் சொல்லாத விதியைவிடப் பொய்க் காரணம் சொன்ன விதி மோசம், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் உண்மையான காரணத்தையும் அவள் அதன்பிறகு நம்பமாட்டாள்.

காரணம் உண்மையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. காரணம் எங்கே முடிகிறதோ, அங்கே விதியும் முடிகிறதா என்று பாருங்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் 2019 செப்டம்பரில் தீர்ப்பான ஃபஹீமா ஷிரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி. அதற்குச் சம்மதிக்காத மாணவி வெளியேற்றப்பட்டார். படிப்பில் கவனம் சிதறக் கூடாது என்பது விடுதி சொன்ன காரணம். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் பாடத்துக்காக இணையத்தைப் பார்ப்பவரையும் அதே விதி தடுத்தது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கவனம் சிதறுவதுதான் கவலை என்றால், படிப்பு அறையில் சத்தம் வரக் கூடாது, வீடியோவுக்கு ஹெட்போன் போட வேண்டும் என்பதோடு விதி நின்றிருக்கலாம்.

மூன்றாவது: கேட் நேரத்தை முழுதாகத் திருத்திப் பார்ப்பது

எங்கள் பழைய விதி இது.

"மாணவிகள் மாலை 6.30 மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். உரிய அனுமதியின்றித் தாமதமாக வருபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டு விடுதியிலிருந்து நீக்கப்படுவர்."

ஏன் 6.30 என்று கேட்டோம். வாட்ச்மேன் சொன்னார், இரவு ஆள் 8 மணிக்குத்தான் வருவார், அதுவரை அவர் ஒருவரே கேட்டையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். மெஸ் பொறுப்பாளர் சொன்னார், ஏழு மணிக்கு எண்ணிக்கை தெரிந்தால்தான் சப்பாத்திக்கு மாவு சரியாகப் பிசைய முடியும். வார்டன் சொன்னார், ஒரு பெண் வரவில்லை என்றால் தேட ஆரம்பிக்க நேரம் வேண்டும். மூன்றும் உண்மையான காரணங்கள். ஆனால் மூன்றில் எதுவும் 6.30 என்ற எண்ணைக் கேட்கவில்லை. மெஸ்ஸுக்கு எண்ணிக்கை போதும், ஆள் நேரில் வரத் தேவையில்லை. தேடுவதற்குத் தகவல் போதும். எங்கள் ஊரின் கடைசி டவுன் பஸ் கல்லூரி வாசலுக்கு 8.20க்கு வரும். லைப்ரரி 8 மணிக்கு மூடும். அதனால் 8.30 என்று வைத்தோம். புது விதி இப்படி வந்தது.

"இரவு 8.30க்குள் விடுதிக்கு வந்துவிடுங்கள். 8.45க்கு அட்டெண்டன்ஸ் எடுப்போம். அந்த நேரத்தில் யார் உள்ளே இல்லை என்று தெரிந்தால்தான், ஏதாவது ஆகியிருந்தால் உடனே தேட முடியும். தாமதமாகும் என்று தெரிந்தவுடன் விடுதித் தொலைபேசிக்கு அழைத்து, எங்கே இருக்கிறீர்கள், யாரோடு, எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தாமதமாக வந்தால் தாமதப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம். எந்த நேரத்தில் வந்தாலும் கேட் திறக்கப்படும். தகவல் இல்லாமல் 9 மணி ஆனால் உங்களை அழைப்போம். 9.15க்குள் பிடிக்க முடியாவிட்டால் வீட்டுக்கு அழைப்போம். இரவு சாப்பாடு வேண்டாம் என்றால் மாலை 5 மணிக்குள் மெஸ் தாளில் குறியுங்கள், மாவு அதன்படிதான் பிசைகிறார்கள்."

பழையதைவிட இது நீளம். நீளத்துக்குப் பயப்படாதீர்கள். படிப்பவளுக்கு, பஸ் நின்றுபோன இரவில் என்ன செய்ய வேண்டும் என்று இதில் தெரியும், பழையதில் தெரியாது. எனக்கு இதில் மிக முக்கியமான வரி, "எந்த நேரத்தில் வந்தாலும் கேட் திறக்கப்படும்" என்பது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. தினமும் பதினொரு மணிக்கு வருவார்களே என்றார்கள். அதற்கு அடுத்த வரியாக, "ஒரு மாதத்தில் நான்கு முறைக்கு மேல் தாமதமானால், நேரம் உங்களுக்குப் பொருந்தவில்லையா என்று டெபுடி வார்டன் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்" என்று சேர்த்தோம். முதல் பருவத்தில் அந்தப் பேச்சு மூன்று பேரோடு நடந்தது. இரண்டு பேர் மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நிரந்தர லேட் பாஸ் கொடுத்தோம். மூன்றாவது பெண்ணுக்கு வேறு சிக்கல். அது கேட் நேரத்தால் தீரக்கூடியதாக இல்லை, ஆனால் அந்தப் பேச்சால் எங்களுக்குத் தெரியவந்தது.

பெற்றோரிடம் இதை முன்பே சொல்லியாக வேண்டும். சிலர் 6.30 மணிக்காகவே இந்த விடுதியில் சேர்த்திருப்பார்கள். அவர்களுக்கு, இப்போது மகள் வரவில்லை என்றால் 9.15க்கே உங்களுக்குத் தெரியும், முன்பு அடுத்த நாள்தான் தெரிந்திருக்கும் என்று சொன்னோம். நிறையப் பேர் ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் அல்ல.

நான்காவது: காரணத்தை எண்ணால் சொல்ல முடிந்தால் எண்ணால் சொல்லுங்கள்

எல்லா விடுதியிலும் இருக்கும் கெட்டில் விதியை எடுத்துக்கொள்வோம். "மின்சாதனங்கள் பயன்படுத்தக் கூடாது. மீறினால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படமாட்டாது." இதன் விளைவு என்ன? கெட்டில் கட்டிலுக்கு அடியில் போகும். சோதனை வருகிறது என்று கேட்டவுடன் சூடு ஆறாத கெட்டிலைத் துணி மூட்டைக்குள் திணிப்பார்கள். மறைக்கப்பட்ட கெட்டில், மேசைமேல் இருக்கும் கெட்டிலைவிட ஆபத்து.

எலக்ட்ரீஷியனை அழைத்து உட்காரவைத்தோம். அவர் சொன்ன கணக்கு இது. சாதாரண கெட்டில் 1500 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர் இழுக்கும். அறையில் ஃபேன், லைட், சார்ஜருக்காகப் போட்டிருக்கும் சின்ன ப்ளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஒரு கெட்டில், 75 வாட் ஃபேன் இருபது ஓடுவதற்குச் சமம். எங்கள் கட்டடத்தில் எட்டு அறைக்கு ஒரு லைன், அதற்கு, லோடு கூடினால் தானாக அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஸ்விட்ச் ஒன்று. ஃபேன்கள் ஓடும்போது இரண்டு கெட்டில் போட்டாலே விளிம்புக்கு வந்துவிடும், மூன்றாவது தாங்காது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாராவது பெரிய எம்.சி.பி.யை மாற்றிவிட்டால் இன்னும் மோசம். சுவருக்குள் இருக்கும் ஒயர் பழைய ஒயர்தானே, அது சூடேறி இன்சுலேஷன் உருகினாலும் எதுவும் அணையாது.

இந்தக் கணக்கு கையில் வந்ததும் விதி தானாகச் சுருங்கியது. மின்சாதனங்கள் எல்லாமே பிரச்சினை இல்லை, வெந்நீரும் சூடும் போடுபவைதான் பிரச்சினை. லேப்டாப்பும் டேபிள் லாம்ப்பும் வெளியே வந்தன. புதிய விதி, "அறையில் கெட்டில், வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் வேண்டாம்" என்று பெயர் சொல்லி ஆரம்பித்தது. காரணமாக மேலே உள்ள கணக்கில் இரண்டு வரி. அப்புறம் முக்கியமானது, மாற்று வழி. ஒவ்வொரு மாடியிலும் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்டோடு ஒரு கெட்டிலும் ஒரு அயர்ன் பாக்ஸும் வைத்தோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாதவிடாய் வலிக்கு வெந்நீர் வேண்டும் என்பவளுக்கு, தடை மட்டும் சொன்னால் அவள் விதியை மீறத்தான் செய்வாள். மாற்று வழிக்குப் பணம் இல்லாத விடுதி, குறைந்தது மெஸ்ஸில் இரவு முழுக்க ஃபிளாஸ்கில் வெந்நீர் வைக்கலாம்.

பறிமுதல் வரியை இப்படி மாற்றினோம்: "அறையில் இருந்தால் வாங்கி வைத்து ரசீது தருவோம். ஊருக்குப் போகும்போது ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்." பொருள் மாணவியுடையது. அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள விடுதிக்கு என்ன உரிமை?

ஐந்தாவது: சொற்களைச் சல்லடை போடுவது

தமிழ் விதிப் புத்தகங்களில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். உரிய, தகுந்த, முறையான, கண்ணியமான, அவ்வப்போது, இன்ன பிற. இவை ஒவ்வொன்றும், முடிவை அந்த நேரத்தில் இருக்கும் ஆளின் மனநிலைக்கு விட்டுவிடும் சொற்கள். "உரிய அனுமதி" என்றால் யாருடைய அனுமதி? வார்டன் இல்லாத நாளில்? "தகுந்த காரணம்" என்றால் அக்கா வளைகாப்பு தகுந்ததா? ஒவ்வொரு இடத்திலும் ஆளின் பதவியையோ நேரத்தையோ எண்ணையோ போடுங்கள். போட முடியவில்லை என்றால் அந்த விதி இன்னும் யோசிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, படும் விகுதி. நடவடிக்கை எடுக்கப்படும், அனுமதிக்கப்படமாட்டார்கள், விசாரிக்கப்படுவர். யார் எடுப்பார், யார் விசாரிப்பார் என்பது இந்த வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளும். "டெபுடி வார்டன் உங்களோடு பேசுவார்" என்று எழுதினால், பேச வேண்டிய வேலை எனக்கு வந்துவிடுகிறது. எங்களுக்கே இதை எழுதும்போது கை தயங்கியது உண்மை. மாணவிகளைப் படர்க்கையில் சொல்வதை விட்டு, "நீங்கள்" என்று எழுதினோம். எதிரில் இருப்பவளைப் பார்த்துச் சொல்ல முடியாத வரிகள் அந்த மாற்றத்திலேயே உதிர்ந்துவிட்டன.

ஆங்கிலப் பதிப்பும் இருந்தால், இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ஆறாவது: விளைவை மறைக்காதீர்கள்

மிரட்டலை எடுப்பது என்றால் விளைவையே சொல்லாமல் விடுவது என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது மாணவிக்குச் செய்யும் துரோகம். என்ன நடக்கும் என்று அவள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். "கடும் நடவடிக்கை" என்பது மிரட்டல், ஏனென்றால் அதற்கு அளவு இல்லை. "நாற்காலி உடைந்தால் பழுதுபார்க்கும் பில் தொகையைக் காஷன் டெபாசிட்டிலிருந்து எடுப்போம், பில் நகல் தருவோம்" என்பது விளைவு. அபராதம் வைத்தால் அது உண்மையான செலவை ஒட்டி இருக்கட்டும். செலவே இல்லாத இடத்தில் வைக்கும் அபராதம், பணம் இருப்பவளுக்கு அனுமதிச் சீட்டாகவும் இல்லாதவளுக்குத் தண்டனையாகவும் ஆகிவிடும்.

விடுதியிலிருந்து வெளியேற்றுவது எந்தெந்தச் செயலுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பட்டியல் வேண்டும். அதில் இல்லாத எதற்கும் வெளியேற்றக் கூடாது. முடிவுக்கு முன் மாணவி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, முடிவு எழுத்தில், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்பவையும் அங்கேயே இருக்கட்டும்.

ராகிங் மட்டும் வேறு வகை. சட்டம் இருப்பதால் விடுதி இதில் சமரசம் பேச முடியாது. 1996 இல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997 இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. இதை எழுதும்போது குரலை உயர்த்தாமல் சட்டம் சொல்வதைச் சொன்னால் போதும். அதைவிட, பாதிக்கப்பட்டவள் என்ன செய்ய வேண்டும் என்பது மேலே வர வேண்டும். 24 மணி நேர உதவி எண் 1800-180-5522, விடுதியில் யாரிடம் சொல்லலாம், சொன்னவரின் பெயர் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது.

ஏழாவது: படிக்க வைத்துப் பார்ப்பது

"புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்பார்கள். அதற்குப் பதிலாக ஐந்து சூழ்நிலைகளை எழுதிக்கொள்ளுங்கள். பஸ் லேட், மணி 8.50, கைபேசியில் சார்ஜ் இல்லை. தம்பி ஊரிலிருந்து சொல்லாமல் வந்து கேட்டில் நிற்கிறான். நடுராத்திரி ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். இப்படி. முதலாண்டுப் பெண்கள் ஆறு பேரிடம் தாளைக் கொடுத்து, இப்போது என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு விதப் பதில் வந்தால் வரியில்தான் குறை. எங்களிடம் "சார்ஜ் இல்லை" என்ற சூழ்நிலையில் ஆறு பேரும் திணறினார்கள். பெரும்பாலோருக்கு விடுதி எண் மனப்பாடம் இல்லை. அதன்பிறகு அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அந்த எண்ணை அச்சடித்தோம்.

அதே சூழ்நிலைகளை வாட்ச்மேனிடமும் மெஸ் அக்காக்களிடமும் கேளுங்கள். தாளில் ஒன்று, கேட்டில் ஒன்று என்றால் மாணவிகள் கேட்டில் இருப்பதைத்தான் விதி என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இரவு வாட்ச்மேன் முதல் இரண்டு வாரம், கேட்டைத் திறந்தாலும் ஐந்து நிமிடம் திட்டிவிட்டுத்தான் திறந்தார். தாமதப் பதிவேட்டில் யாருமே கையெழுத்திடாததைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

எட்டாவது: நடைமுறைக்கு வந்தபின் எதைப் பார்ப்பது

தாமதப் பதிவேடு முதல் மாதத்தில் நிரம்பும். எங்களுக்கு முன்பு மாதம் இரண்டு மூன்று பெயர் இருந்த இடத்தில் இருபதைத் தாண்டியது. கட்டுப்பாடு போய்விட்டது என்று வார்டனே கலங்கினார். முன்பும் அத்தனை பேர் தாமதமாகத்தான் வந்திருக்கிறார்கள், சுவர் ஏறியோ வெளியே தங்கியோ. இப்போது எழுதுகிறார்கள். பதிவேடு காலியாக இருப்பதுதான் கவலைக்குரிய அறிகுறி.

புதிய விதி எதுவும் வாட்ஸ்அப் செய்தியாகவோ போர்டில் ஒரு துண்டுக் காகிதமாகவோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் போட்டால் அதன் கீழே முடியும் தேதி எழுத வேண்டும் என்று நாங்களே எங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் "துணி துவைப்பது செவ்வாய், சனி மட்டும். போர்வெல்லில் தண்ணீர் குறைந்திருப்பதால், ஜூன் 30 வரை" என்று ஒட்டினோம். ஜூலை 1 காலையில் ஒரு முதலாண்டுப் பெண் அந்தக் காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து, "மேடம், தேதி முடிஞ்சிடுச்சு, இன்னைக்கு துவைக்கலாம்ல?" என்று கேட்டாள்.